கிரியேட்டர் ஐடியில் ஓடும் விளம்பரம்: கூடுதல் பணம் எப்போது திரும்பி வரும்?

"கோயம்புத்தூரில் சிறுதானிய தோசை மிக்ஸ் தயாரித்து இன்ஸ்டாகிராம் விளம்பரம் மூலமாக விற்கிறோம். ஒரு சமையல் கிரியேட்டரிடம் ரீல் கேட்டோம். வீடியோவுக்கு 15,000 ரூபாய், அதையே அவர் ஐடியில் பார்ட்னர்ஷிப் ஆடாக 60 நாள் ஓட்ட இன்னும் 12,000 ரூபாய் என்கிறார். வீடியோவை வாங்கி எங்கள் பேஜிலிருந்தே ஓட்டினால் போதாதா? அவர் ஐடியில் ஓட்டினால் உண்மையிலேயே அதிகம் விற்குமா?"

அந்த 12,000 ரூபாய் திரும்பி வருமா என்பது முதலில் நீங்கள் அந்த ஒரு வீடியோவின் மேல் எவ்வளவு விளம்பரச் செலவு செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 60 நாளில் இருபது, முப்பதாயிரம்தான் போடுவீர்கள் என்றால், ஐடிக்குத் தனிப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நஷ்டம். அதற்கு மேலே போனால் கணக்கு மாறத் தொடங்கும். ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது.

பார்ட்னர்ஷிப் ஆட் என்றதும் பலரும் "அவருக்கு இருக்கும் 60,000 ஃபாலோயர்களுக்கு நம் விளம்பரம் போகும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விளம்பரத்தை ஓட்டுவது உங்கள் ஆட்ஸ் மேனேஜர் கணக்கு, செலவு உங்களுடையது, யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வதும் உங்கள் டார்கெட்டிங்தான். பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த கிரியேட்டரை இதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார்கள். முக்கியமாக மாறுவது ஒன்றுதான்: விளம்பரத்தின் மேலே உங்கள் பிராண்ட் பெயர் மட்டும் இல்லாமல் அவருடைய பெயரும் படமும் முன்னால் நிற்கும். அதனால் ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து இதற்கு விலை பேசுவது சரியில்லை. இரண்டு லட்சம் ஃபாலோயர் உள்ளவரின் ஐடி, இருபதாயிரம் ஃபாலோயர் உள்ளவரின் ஐடியைவிடப் பத்து மடங்கு நன்றாக விற்றுத் தராது.

பிறகு ஐடி எதற்குத்தான் உதவுகிறது? ஃபீடில் விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலே ஒரு கம்பெனி லோகோவைக் கண்டால் "விளம்பரம்" என்று கை தானாகத் தள்ளிவிடும். ஒரு மனிதரின் முகமும் பெயரும் இருந்தால் அந்தக் கை கொஞ்சம் தாமதிக்கிறது. அந்த ஒரு நொடிக்குத்தான் நீங்கள் விலை கொடுக்கிறீர்கள். அந்த நொடிக்குப் பிறகு ஆளைப் பிடித்து வைப்பது வீடியோவின் வேலை. ஆக, தெரியாத பிராண்ட், தெரியாத ஆட்கள், "இது வீட்டில் சரியாக வருமா?" என்ற சந்தேகம் எழும் பொருள் மூன்றும் சேர்ந்தால் ஐடிக்கு மதிப்பு அதிகம். உங்கள் மிக்ஸ் அந்த வகைதான். கேழ்வரகு, சாமை தோசை கல்லில் ஒட்டுமா, மொறுமொறுப்பாக வருமா என்பதுதான் வாங்குகிறவரின் முதல் கேள்வி. அதற்குக் கம்பெனி "வரும்" என்று சொல்வதும், ஒருவர் தன் வீட்டு அடுப்பில் ஊற்றித் திருப்பிக் காட்டுவதும் ஒன்றல்ல.

உங்கள் வெப்சைட்டுக்கு வந்து பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாங்காமல் போனவர்களைத் திரும்ப அழைக்கும் விளம்பரத்துக்கு இந்த நொடி தேவையே இல்லை. அவர்களுக்கு உங்களைத் தெரியும். அங்கே உங்கள் பெயரும், விலையும், "இரண்டு பாக்கெட் வாங்கினால் கூரியர் இலவசம்" என்ற வரியும்தான் வேலை செய்யும். தீபாவளி, பொங்கல் சலுகை விளம்பரமும் அப்படித்தான். சலுகையைச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். அதை கிரியேட்டர் வாயால் சொன்னால் அவருடைய பேச்சுக்கு இருந்த மதிப்பும் குறைந்துவிடும். பல பொருள்களைத் தானாக மாற்றி மாற்றிக் காட்டும் கேட்டலாக் விளம்பரங்களையும் உங்கள் ஐடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புது ஆளைப் பிடிக்க அவர் ஐடி, தெரிந்த ஆளிடம் விற்க உங்கள் ஐடி என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இப்போது கணக்கு. இதில் வரும் எண்கள் விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஆர்டர் 450 ரூபாய். பொருள், பாக்கிங், கூரியர் எல்லாம் போக 210 ரூபாய் மிச்சம், அதற்குள்தான் விளம்பரச் செலவு அடங்க வேண்டும். நீங்களே எடுத்த வீடியோவை உங்கள் ஐடியில் ஓட்டினால் ஒரு ஆர்டருக்கு 190 ரூபாய் செலவாகிறது என்று வைப்போம். கிரியேட்டர் எடுத்த வீடியோ, அதுவும் உங்கள் ஐடியிலேயே ஓடினால், 160. அதே வீடியோ அவர் ஐடியில் ஓடினால் 130.

பலரும் 190-ஐயும் 130-ஐயும் ஒப்பிட்டு "பார்ட்னர்ஷிப் ஆடில் 60 ரூபாய் மிச்சம்" என்று சந்தோஷப்படுகிறார்கள். அதில் பாதி வீடியோ சம்பாதித்தது. நீங்கள் கேட்கும் 12,000 ரூபாய்க் கேள்விக்கு 160-க்கும் 130-க்கும் இடையே உள்ள 30 ரூபாய்தான் பதில். வீடியோவுக்கான 15,000 இரண்டு வழியிலும் கொடுத்தாகிவிட்டது, அதனால் இந்த ஒப்பீட்டில் அது வராது. 12,000-ஐ 30-ஆல் வகுத்தால் 400. அவர் ஐடி மூலமாக 400 ஆர்டர் வந்தால்தான் ஐடிக்குக் கொடுத்த பணம் திரும்பும். 400 ஆர்டருக்கு 130 வீதம் 52,000 ரூபாய் விளம்பரச் செலவு. நாளுக்கு 500 ரூபாய் ஓட்டுகிறவர் 60 நாளில் 30,000-தான் செலவழிப்பார், ஏறக்குறைய 230 ஆர்டர் வரும், 6,900 ரூபாய் மிச்சமாகும். கொடுத்ததோ 12,000. நாளுக்கு 1,000 ஓட்டுகிறவருக்கு 461 ஆர்டர், மிச்சம் 13,800 சொச்சம், மயிரிழையில் தப்பிக்கிறார். நாளுக்கு 3,000 ஓட்டுகிறவருக்கு இதே 12,000 மிக மலிவான பேரம்.

இதில் ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே வீடியோ 60 நாளும் 130-லேயே நிற்காது. பட்ஜெட்டைக் கூட்டக் கூட, ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்க, ஆர்டர் செலவு ஏறும். ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்று காட்டும் ஃப்ரீக்வென்சி எண்ணை ஆட்ஸ் மேனேஜரில் வாரா வாரம் பாருங்கள். அது ஏறும்போது ஆர்டர் செலவும் கூடவே ஏறினால் வீடியோ தேய்கிறது என்று அர்த்தம், அப்போது ஐடியாலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் 60 நாளுக்கு மொத்தமாகப் பேசாமல், முதலில் 30 நாளுக்குப் பேசி, "நன்றாகப் போனால் இதே விலையில் இன்னும் 30 நாள் நீட்டிக்கும் உரிமை எங்களுக்கு" என்று எழுதி வாங்குங்கள் என்பேன். இதற்குப் பெரும்பாலான கிரியேட்டர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

பேரத்தில் உங்கள் பக்கம் இன்னொரு வலுவான புள்ளி இருக்கிறது. விளம்பரத்தில் அவர் பெயரைத் தொட்டால் அவருடைய ப்ரொஃபைல்தான் திறக்கும். நீங்கள் செலவழித்த காசில் அவருக்குப் புது ஃபாலோயர்கள் சேர்கிறார்கள். அவருடைய பதிவையே நேரடியாக விளம்பரமாக்கினால் லைக்கும் கமெண்ட்டும் அந்தப் பதிவிலேயே சேரும். அடுத்த பிராண்டிடம் அந்தப் பதிவைக் காட்டி அவர் கூடுதல் விலை கேட்கலாம். அவருக்கு இது வெறும் செலவு இல்லை, லாபமும் இருக்கிறது. இதை நேர்மையாக எடுத்துச் சொன்னால் 12,000 என்பது 6,000-க்கோ 7,000-க்கோ இறங்க நியாயம் உண்டு. 6,000-க்கு இறங்கினால் உங்கள் இலக்கு 400 ஆர்டரிலிருந்து 200 ஆர்டராகிவிடும்.

சரி, அந்த 30 ரூபாய் வித்தியாசம் உண்மையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு விளம்பரத்தையும் ஒரே ஆட் செட்டில் போட்டுவிட்டு எது ஜெயிக்கிறது என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது சோதனையே இல்லை. மெட்டாவின் அல்காரிதம் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே ஒன்றைப் பிடித்துக்கொண்டு பட்ஜெட்டில் பெரும்பகுதியை அதற்கே தள்ளிவிடும், மற்றொன்றுக்கு வாய்ப்பே கிடைக்காது. ஆட்ஸ் மேனேஜரில் உள்ள A/B test வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் ஆட்கள் இரண்டாகப் பிரிக்கப்படுவார்கள், ஒருவர் ஒரு வகையைத்தான் பார்ப்பார். இரு பக்கமும் வீடியோ ஒன்றே, எழுத்து ஒன்றே, போய்ச் சேரும் பக்கம் ஒன்றே, பட்ஜெட் ஒன்றே. ஐடி மட்டும் வேறு. வேறு எதையாவது மாற்றினால் எது காரணம் என்று பிறகு சொல்ல முடியாது.

இங்கேதான் சின்ன பிராண்டுகள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு பக்கம் 22 ஆர்டர், மறுபக்கம் 27 ஆர்டர் வந்தால் 27 ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரும். 160-க்கும் 130-க்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 180, 200 ஆர்டர் வேண்டும். அதற்கு ஆகும் செலவு 50,000-ஐத் தாண்டும். 12,000 ரூபாய்க் கேள்விக்கு அவ்வளவு செலவழித்துப் பதில் தேடுவது அர்த்தமில்லாத வேலை. அதனால் ஆர்டருக்கு ஒரு படி முன்னால் நடப்பதை எண்ணுங்கள், அதாவது கார்ட்டில் போடுவதை. நான்கு பேர் கார்ட்டில் போட்டால் ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் 50 ஆர்டர் வருவதற்குள் 200 கார்ட் வந்துவிடும். செலவு 15,000-க்குள் முடியும். க்ளிக்கை எண்ணி முடிவு செய்யாதீர்கள். கிரியேட்டர் ஐடியில் ஆர்வத்துக்காகத் தொடுபவர்கள் அதிகம், அவர்களில் பலர் வாங்க வந்தவர்கள் இல்லை.

கடைசி எண் ஒன்று இருக்கிறது, அது ஆட்ஸ் மேனேஜரில் தெரியாது. கேஷ் ஆன் டெலிவரி வைத்திருக்கிறீர்கள் என்றால், ஆர்டர் போட்டதை விற்பனையாக எண்ணாதீர்கள், டெலிவரி ஆகிப் பணம் வந்ததை மட்டும் எண்ணுங்கள். நான் விளம்பரம் ஓட்டிக் கொடுத்த ஒரு மசாலாப் பொடி பிராண்டில், கிரியேட்டர் ஐடியில் ஆர்டர் செலவு அழகாகக் குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு வாரம் கழித்து கூரியர் ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுதான், அந்தப் பக்க ஆர்டர்களில் வாங்க மறுத்துத் திரும்பி வந்த பார்சல்கள் மிக அதிகம் என்று தெரிந்தது. வீடியோ பார்த்த ஆசையில் ஆர்டர் போட்டவர்கள், பார்சல் வரும்போது மறந்தே போயிருந்தார்கள். போக வர இரண்டு கூரியர் கட்டணமும் பிராண்டின் தலையில். அதிலிருந்து நான் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கூப்பன் கோடோ லிங்கில் தனி அடையாளமோ வைத்து, திரும்பி வந்தவற்றையும் பிரித்துப் பார்க்காமல் வெற்றி என்று சொல்வதில்லை.

இனி நடைமுறை. கிரியேட்டர் ரீல் போடும்போது Paid partnership லேபிளில் உங்கள் ஐடியைச் சேர்த்து, Allow brand partner to boost என்பதை இயக்க வேண்டும். முன்பே போட்ட பதிவு என்றால், அந்தப் பதிவின் மெனுவில் Get partnership ad code மூலமாக ஒரு கோடு எடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும். நீங்கள் ஆட்ஸ் மேனேஜரில் விளம்பரம் உருவாக்கும் இடத்தில் Partnership ad என்பதைத் தேர்ந்து அந்தப் பதிவையோ கோடையோ கொடுப்பீர்கள். அவருடைய பாஸ்வேர்டு எதற்கும் தேவைப்படாது. அவரே தன் போனிலிருந்து பூஸ்ட் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் விளம்பரம் உங்கள் கணக்கில் இருக்காது, வெப்சைட்டில் நடந்த விற்பனையை வைத்து அது கற்றுக்கொள்ளாது, மேலே சொன்ன எந்த எண்ணையும் நீங்கள் பார்க்க முடியாது.

தமிழ் ரீல்களில் முதலில் தடுக்கி விழும் இடம் பாட்டு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் வைத்த ரீலை விளம்பரமாக்க முடியாது, பிறருக்குப் பதிப்புரிமை உள்ள இசை இருந்தால் மெட்டா அனுமதிக்காது. ரீல் போட்ட பிறகு இது தெரியவந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பதிவை விட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. ஷூட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம், அவருடைய குரல், கல்லில் மாவு விழும் சத்தம் போதும், இசை வேண்டுமென்றால் மெட்டாவே விளம்பரத்துக்கு அனுமதிக்கும் சவுண்ட் கலெக்‌ஷனிலிருந்து எடுக்கட்டும். உண்மையில் தோசை சுடும் வீடியோவுக்கு அந்தச் சத்தத்தைவிட நல்ல பின்னணி கிடையாது.

இரண்டாவது, பேச்சு. சிறுதானியம் என்றதும் கிரியேட்டர்கள் "உங்களுக்கு சர்க்கரை இருக்கா? இதைச் சாப்பிடுங்க, குறைஞ்சிடும்" என்று பேசிவிடுகிறார்கள். சாதாரண ரீலாக இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். விளம்பரமாக்கியதும் இரண்டு பக்கத்திலிருந்து சிக்கல். பார்ப்பவருக்கு நோய் இருப்பதாகச் சுட்டிப் பேசும் விளம்பரத்தை மெட்டா நிராகரிக்கும். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிமுறைகளும் அனுமதிப்பதில்லை. அவர் வாயால் சொன்னாலும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கும் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அதனால் ஸ்கிரிப்டை அவர் சொந்த வார்த்தைகளில் விட்டுவிடுங்கள், ஆனால் சொல்லக் கூடாத நான்கைந்து வாக்கியங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். அவர் பேச்சை நீங்கள் முழுக்க எழுதிக் கொடுத்தால் அது கம்பெனி விளம்பரமாகவே ஒலிக்கும், பிறகு ஐடிக்குப் பணம் கொடுத்து என்ன பயன்?

பணம் வாங்கியதைக் காட்டும் லேபிளை மறைக்க முயலாதீர்கள். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லேயே இன்ஃப்ளூயன்சர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. "லேபிள் இருந்தால் விற்காது" என்று சொல்லும் கிரியேட்டரைவிட, லேபிளோடு பேசிப் பழகியவர் உங்களுக்கு நல்லவர்.

மூன்றாவது, கமெண்ட். விளம்பரம் அவர் பதிவாக ஓடும்போது "விலை எவ்வளவு", "சேலத்துக்கு வருமா", "எனக்குப் பார்சல் வரலை" எல்லாம் அவர் பதிவின் கீழேதான் வரும். பதில் இல்லாத நான்கு புகார்க் கமெண்ட் மேலே நின்றால், அந்த 30 ரூபாய் வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும். யார், எத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்வது என்று முன்பே பேசுங்கள். விலை, டெலிவரி, புகார் எல்லாவற்றுக்கும் உங்கள் பிராண்ட் ஐடியிலிருந்து நீங்கள் பதில் சொல்வது, சமையல் சந்தேகங்களுக்கு மட்டும் அவர் சொல்வது என்று வைத்தால் இருவருக்கும் சுமை குறையும்.

நான்காவது, பதிவு அவர் கையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அவர் பதிவை நீக்கினாலோ அனுமதியைத் திரும்பப் பெற்றாலோ விளம்பரம் நின்றுவிடும். வேறு மாவு பிராண்ட் ஒன்று அவரிடம் வந்து "பழைய பதிவை எடுங்கள்" என்று கேட்கவும் கூடும். ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் போதும்: இத்தனை நாள் பதிவை நீக்கக் கூடாது, அந்தக் காலத்தில் இதே வகை மிக்ஸுக்கு வேறு பிராண்டோடு வேலை செய்யக் கூடாது, வீடியோவின் மூலக் கோப்பை, எழுத்தும் இசையும் இல்லாமல், உங்களுக்குத் தர வேண்டும். மூலக் கோப்பு கையில் இருந்தால், ஐடி அனுமதி முடிந்த மறுநாளே அதே வீடியோவை உங்கள் பேஜிலிருந்து ஓட்டலாம். அதற்கான உரிமையும் 15,000 ரூபாய்க்குள் அடங்கும் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். பலர் வீடியோவை வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள், அவர் பேஜில் ஒருமுறை போட்டதற்கான பணத்தைத்தான் கொடுத்திருப்பார்கள்.

உங்கள் நிலையில் நான் என்றால் இப்படிச் செய்வேன். வீடியோவை 15,000-க்கு, மூலக் கோப்போடும் விளம்பர உரிமையோடும் வாங்குவேன். ஐடிக்கு 30 நாளுக்கு 5,000, 6,000 என்று பேசுவேன். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் இரண்டு பக்கமும் சமமாக ஓட்டி கார்ட் எண்ணிக்கையை ஒப்பிடுவேன். அவர் ஐடி பக்கம் ஒரு கார்ட்டுக்கு ஆகும் செலவு ஐந்தில் ஒரு பங்காவது குறைவாக இருந்து, திரும்பி வரும் பார்சலும் கூடவில்லை என்றால், மிச்ச பட்ஜெட்டைப் புது ஆட்களுக்காக அந்தப் பக்கம் திருப்புவேன். திரும்ப அழைக்கும் விளம்பரத்தை எப்படியும் உங்கள் ஐடியிலேயே விடுவேன். வித்தியாசம் அதற்குக் குறைவாக இருந்தால் 30 நாளோடு ஐடியை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் வேறொரு கிரியேட்டரிடம், இந்த முறை குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்கு தோசை செய்பவராகப் பார்த்து, இரண்டாவது வீடியோ எடுக்கச் சொல்வேன்.